வளைந்த முகத்தில் தண்ணீர் தரும் விசை: கிடையாகவும் செங்குத்தாகவும்

கல்லணையின் பழைய உடல் நேர்க்கோட்டில் கிடக்கவில்லை. பாம்பு நெளிவது போல வளைந்து வளைந்து போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை அளந்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் நீளம் 1,080 அடி, அகலம் 40 முதல் 60 அடி, உயரம் 15 முதல் 18 அடி என்று குறித்து வைத்தார்கள். இன்று அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது பிற்காலத்துப் பாலமும் மதகுகளும்தான். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லும் களிமண்ணும் அவற்றுக்கு அடியில், ஆற்று மணலில் அமிழ்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

அந்த அணைக்கு அங்கே ஏன் வேலை வந்தது என்பது நிலத்தின் மட்டத்தைப் பார்த்தால் புரியும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வு. அடைக்காமல் விட்டால் காவிரித் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும்; தஞ்சாவூர்ப் பக்கம் நாற்றங்காலுக்குக்கூடத் தண்ணீர் ஏறாது. கல்லணை அந்த இறக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால்தான் காவிரியிலும் வெண்ணாற்றிலும், 1934-க்குப் பிறகு கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் பிரிந்து ஓடுகிறது. ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர், மறுபக்கம் பள்ளம். நடுவில் நிற்கும் உடல் எவ்வளவு தள்ளுதலைத் தாங்க வேண்டும், அந்தத் தள்ளுதல் எந்தத் திசையில் போகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முகம் தட்டையாக, செங்குத்தாக இருந்தால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு சீராக ஏறும். 1 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 1 டன், 4 மீட்டர் ஆழத்தில் 4 டன். அழுத்தம் எப்போதும் தான் தொடும் பரப்புக்குச் செங்குத்தாகவே தள்ளும். செங்குத்துச் சுவரில் எல்லாத் தள்ளுதலும் ஒரே திசையில், அதாவது கிடையாகப் போகின்றன. அவற்றை அப்படியே கூட்டிவிடலாம்.

வளைந்த முகத்தில் அப்படிக் கூட்ட முடியாது. உச்சிக்குப் பக்கத்தில் தள்ளுதல் கிடையாக இருந்தால் அடியில் அது கீழ்நோக்கி இருக்கும். நடுவில் சாய்வாக இருக்கும். வடக்கே பத்தடியும் கிழக்கே பத்தடியும் நடந்தவர் வீட்டிலிருந்து இருபதடி தூரத்தில் இல்லை. அது போலவே திசை மாறும் விசைகளை வெறும் எண்களாகக் கூட்டினால் வருவது பொய்யான எண். அதனால் ஒவ்வொரு சிறு தள்ளுதலையும் கிடையாக ஒரு பங்கு, செங்குத்தாக ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். கிடைப் பங்குகளைத் தனியாகவும் செங்குத்துப் பங்குகளைத் தனியாகவும் கூட்டி, கடைசியில் இரண்டையும் சேர்க்கிறார்கள்.

இப்படி நூறு துண்டுகளாக வெட்டிக் கணக்குப் போடத் தேவையில்லை என்பதுதான் இந்த வழியின் நேர்த்தி. அதைப் புரிந்துகொள்ள, வளைந்த முகத்தை ஒட்டி நிற்கும் தண்ணீரில் ஒரு கட்டியை மனத்துக்குள் வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் கட்டிக்கு ஒரு பக்கம் அணையின் வளைந்த முகம். எதிர்ப்பக்கம், முகத்தின் அடிமுனையிலிருந்து நேராக மேலே எழும் ஒரு கற்பனைச் சுவர். மேலே நீர்மட்டம். தண்ணீர் அசையாமல் நிற்கிறது. எனவே இந்தக் கட்டியும் அசையவில்லை. கற்பனைச் சுவரின் வழியாக மற்றத் தண்ணீர் கட்டியை எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவு கிடை விசையைத்தான் கட்டி அணைமுகத்தின் மேல் ஏற்றுகிறது. கூடவும் முடியாது, குறையவும் முடியாது. அதுபோலவே கட்டியின் எடையைத் தாங்க அணைமுகத்தை விட்டால் வேறு இடமில்லை. முழு எடையும் முகத்தின் மேல்தான் இறங்குகிறது.

ஆக, கிடை விசைக்கு முகத்தின் வளைவு பொருட்டே இல்லை. அந்த முகத்துக்கு நேர் எதிரே விளக்கு வைத்தால் பின்னால் உள்ள செங்குத்துச் சுவரில் விழும் நிழலை மட்டும் பார்த்தால் போதும். நிழலின் மேல் தண்ணீர் எவ்வளவு தள்ளுமோ அதுவே கிடை விசை. செங்குத்து விசைக்கு, முகத்துக்கு நேர்மேலே நீர்மட்டம் வரை நிற்கும் தண்ணீரின் எடை. இரண்டே கேள்விகள்: நிழல் எவ்வளவு, சுமை எவ்வளவு?

ஒரு சுவரை எடுத்து முழுதும் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக வைத்துக்கொண்ட வடிவம் இது. உயரம் மட்டும் டெல்டாவின் தடுப்பணைகளில் காணக்கூடிய அளவு. தண்ணீர் 4 மீட்டர் ஆழம். தண்ணீர்ப் பக்க முகம் 4 மீட்டர் ஆரமுள்ள கால்வட்டம். அதன் மையம் நீர்மட்டத்திலேயே, அணை உச்சியிலிருந்து தண்ணீருக்குள் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. உச்சியில் முகம் நேராகக் கீழே இறங்கத் தொடங்கி, மெல்ல வளைந்து, அடியில் தண்ணீருக்குள் 4 மீட்டர் பாதம் நீட்டிப் படுகிறது. கிண்ணத்தின் உட்பக்கம் போன்ற குழிந்த முகம். நீளத்தில் 1 மீட்டரை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வோம்.

நிழலின் உயரம் 4 மீட்டர். மேலே அழுத்தம் சுழி, அடியில் 4 டன். சராசரி 2 டன். 4 மீட்டரை 2 டன்னால் பெருக்கினால் கிடை விசை 8 டன். அது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1.33 மீட்டரில் தள்ளுகிறது. சுமைக்கு வந்தால், முகத்துக்கு மேலே நிற்கும் தண்ணீரின் குறுக்குவெட்டு ஒரு கால்வட்டம், பரப்பு 12.57 சதுர மீட்டர். தண்ணீர் கன மீட்டருக்கு 1 டன் என்பதால் செங்குத்து விசை 12.57 டன். அது கால்வட்டத்தின் எடைமையத்தின் வழியாக, வட்ட மையத்திலிருந்து கிடையாக 1.70 மீட்டர் தள்ளி, கீழ்நோக்கி இறங்குகிறது.

இப்போது இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒன்று கிடை, மற்றது செங்குத்து. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் போல. கர்ணமே தொகுபயன் விசை:

R = √(H² + V²)

8-இன் வர்க்கம் 64, 12.57-இன் வர்க்கம் 158. கூட்டினால் 222, வர்க்கமூலம் 14.9 டன். செங்குத்தைக் கிடையால் வகுத்தால் 1.57; அதற்கான கோணம் கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி 57.5 பாகை. இந்த முகத்தில் தண்ணீர் அணையைப் பின்னால் தள்ளுவதைவிடத் தரையோடு அமுக்குவதே அதிகம்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒருவர் 8-ஐயும் 12.57-ஐயும் நேராகக் கூட்டி 20.57 என்று எழுதுவார். இன்னொருவர் வளைந்த முகத்தின் முழு நீளமான 6.28 மீட்டரை எடுத்து, பாதி ஆழத்து அழுத்தமான 2 டன்னால் பெருக்கி 12.57 என்று முடிப்பார். அந்த எண் செங்குத்து விசையோடு ஒத்துப்போவதால் சரி என்றே நம்பிவிடுவார். அது கால்வட்டத்தின் தற்செயல். வேறு வடிவத்தில் ஒத்துப்போகாது. வளைவின் நீளம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரக்கூடாது. வந்திருந்தால் அந்த இடத்திலேயே பிழை.

வட்ட முகத்துக்கு ஓர் அருமையான சோதனை உண்டு. ஒவ்வொரு சிறு தள்ளுதலும் முகத்துக்குச் செங்குத்து. வட்டத்துக்குச் செங்குத்தான கோடு எதுவானாலும் மையத்தின் வழியாகத்தான் போகும். எல்லாமே மையத்தின் வழியாகப் போனால் அவற்றின் தொகுபயனும் அங்கேதான் போக வேண்டும். எனவே மையத்தைப் பொறுத்துக் கிடை விசையின் திருப்புத்திறனும் செங்குத்து விசையின் திருப்புத்திறனும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள வேண்டும். கிடை விசை மையத்துக்கு 2.67 மீட்டர் கீழே இருக்கிறது. 8-ஆல் பெருக்க 21.3. செங்குத்து விசை 1.70 மீட்டர் தள்ளி இருக்கிறது, 12.57-ஆல் பெருக்க அதுவும் 21.3. கணக்கு சரி. இரண்டும் ஒத்துவராவிட்டால் விசையின் அளவோ அது விழும் இடமோ தவறு என்று மேலே போகாமல் அங்கேயே நின்றுவிடலாம்.

அதே உயரம், அதே ஆரம். ஆனால் முகம் குழிவதற்குப் பதில் தண்ணீரை நோக்கிப் புடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பானையின் வெளிப்பக்கம் போல. வட்டத்தின் மையம் இப்போது அணை உச்சிக்கு நேர்கீழே, தரையில் வந்துவிடும். நிழல் மாறவில்லை, கிடை விசை அதே 8 டன். சுமை மாறிவிட்டது. 4 மீட்டர் சதுரத்தின் 16 சதுர மீட்டரில் கால்வட்டத்தைக் கல் எடுத்துக்கொண்டது; மிச்சம் 3.43 சதுர மீட்டரில்தான் தண்ணீர் நிற்கிறது. செங்குத்து விசை 3.43 டன், தொகுபயன் 8.7 டன், கோணம் 23 பாகை மட்டுமே. தண்ணீர் ஆழத்தை மாற்றாமல், முகத்தின் வளைவைத் திருப்பி வைத்ததற்கே தண்ணீர் அமுக்கும் பாரத்தில் 9 டன் குறைந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தைக் கல் நிரப்பிக்கொண்டது என்பதையும், கல் தண்ணீரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம் என்பதையும் மறக்கக்கூடாது. முகத்தின் கணக்கை மட்டும் வைத்து எந்த வடிவம் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூன்றாவது ஒரு நிலை உண்டு: முகம் தண்ணீரின் மேல் கவிழ்ந்து நிற்பது. அப்போது தண்ணீர் முகத்துக்குக் கீழே இருக்கும். தள்ளுதல் மேல்நோக்கி இருக்கும். அளவு அதே வழியில்தான் வரும். முகத்துக்கு மேலே நீர்மட்டம் வரை தண்ணீர் இருப்பதாகக் கற்பனை செய்து அதன் எடையை எடுத்து, திசையை மட்டும் மேலே திருப்பிவிட வேண்டும். டெல்டாவின் மதகுகளில் பெரும்பாலும் நேராக ஏறி இறங்கும் தட்டை ஷட்டர்களே இருப்பதால் இந்த நிலை அங்கே அதிகம் வராது. பெரிய அணைகளில் உள்ள ரேடியல் கேட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

நாகார்ஜுனசாகர் அணையின் உச்சியில் அப்படி 26 கதவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய உருளையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு மாதிரி. புடைப்பு தண்ணீர்ப் பக்கம். பின்னால் இரும்புக் கைகள் நீண்டு ஓர் அச்சாணியில் முடிகின்றன. அச்சாணி இருப்பது அந்த உருளையின் மையத்திலேயே. மேலே சொன்ன சோதனைதான் இங்கே வடிவமாகியிருக்கிறது. தண்ணீரின் மொத்தத் தள்ளுதலும் அச்சாணியின் வழியாகவே போவதால் கதவைச் சுழற்றத் தண்ணீர் தடையும் செய்யாது, உதவியும் செய்யாது. தூக்கும் எந்திரம் கதவின் எடையையும் உராய்வையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த உராய்வை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஃபால்சம் அணை காட்டியது. 1995 ஜூலை 17 அன்று அங்கே 3-ஆம் எண் ரேடியல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அதன் கைகள் மடங்கிக் கதவு பெயர்ந்தது. அடைக்க வழியில்லாமல் தண்ணீர் கொட்டியது. தொகுபயன் விசை அச்சாணியின் மையத்தின் வழியாகப் போனது என்னவோ உண்மைதான். ஆனால் அச்சாணி ஒரு புள்ளி அல்ல. கனமான இரும்பு உருளை. முழு விசையும் அதன் பரப்பில் அமுங்குகிறது. துருவேறிய பரப்பில் உராய்வு கூடி, கதவு சுழலும்போது கைகளை வளைக்கும் திருப்புத்திறனைக் கொடுத்தது. கதவை வடிவமைத்தபோது அந்த வளைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாளில் மையத்தின் வழியே போகும் கோடு, களத்தில் அந்த மையத்தைச் சுற்றியுள்ள இரும்பின் மேல்தான் விழுகிறது.

இனி கல்லணையின் நெளிவுக்குத் திரும்பலாம். இதுவரை பார்த்தது மேலிருந்து கீழாக வளையும் முகம். கல்லணையோ மேலிருந்து பார்த்தால் வளைந்திருக்கிறது. நிழல் விதி இங்கேயும் அப்படியே பொருந்தும். 40 மீட்டர் இடைவெளியை அடைக்க 50 மீட்டர் நீளத்துக்கு நெளிந்து போகும் சுவரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 4 மீட்டர், முகம் செங்குத்து. ஒவ்வொரு மீட்டரிலும் 8 டன் தள்ளுதல். கீழ்நீர்ப் பக்கமாக மொத்தத் தள்ளுதல் 50-ஐ 8-ஆல் பெருக்கி 400 டன் என்று எழுதினால் தவறு. நிழலின் அகலம் 40 மீட்டர்தான்; எனவே 320 டன். ஒரு நெளிவில் இடது பக்கமாகப் போகும் தள்ளுதலை அடுத்த நெளிவில் வலது பக்கமாகப் போகும் தள்ளுதல் தீர்த்துவிடுகிறது. தள்ளுதல் நேர்ச்சுவருக்கு உள்ளதுதான். ஆனால் கல் 50 மீட்டருக்கு உண்டு. எடை கால் பங்கு கூடுதல், மணலைப் பிடித்திருக்கும் அடிப்பரப்பும் கால் பங்கு கூடுதல். வழுக்காமல் நிற்க அது உதவும்.

ஒரு நிபந்தனையோடுதான். முழுச் சுவரும் ஒரே உடலாக நின்றால்தான் பக்கத் தள்ளுதல்கள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மீட்டரும் தனித்தனியாக நின்றால் ஒவ்வொன்றும் தன் 8 டன்னை முழுதாகத் தாங்கியே ஆக வேண்டும்; பக்கத்து மீட்டர் கைகொடுக்காது. கல்லும் களிமண்ணுமாக உள்ள பழைய உடலுக்கு இதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு நெளிவின் விளைவைச் சொல்கிறது. கட்டியவர்கள் எதை எண்ணி நெளித்தார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லாது.

கேரளத்தின் இடுக்கி அணையின் வளைவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தண்ணீரை நோக்கி ஒரே வில்லாக வளைந்து, தள்ளுதலைக் குறவன், குறத்தி என்ற இரண்டு மலைகளுக்கும் கடத்துகிறது. நிழல் விதிப்படி வரும் மொத்த விசை அங்கேயும் மாறாது. அந்த விசை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பதுதான் மாறுகிறது. பாறை மலை இல்லாத டெல்டாவில் அந்த வழி கிடையாது. எடையும் உராய்வும்தான் துணை.

எடையைப் பற்றிப் பேசும்போது முன்பு பார்த்த குழிந்த முகத்தை முழு அணையாக்கிப் பார்க்க வேண்டும். தொகுபயன் விசையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது அடித்தளத்தில் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது மறுபாதி. பாதத்துக்குப் பின்னால் 3 மீட்டர் அகலமுள்ள கற்சுவர் இருக்கட்டும். அடித்தளத்தின் மொத்த அகலம் 7 மீட்டர். கல்கட்டு கன மீட்டருக்கு 2.3 டன் என்று எடுத்தால் சுவர் 27.6 டன், வளைவுக்கு அடியில் உள்ள கல் 7.9 டன், பாதத்தின் மேல் நிற்கும் தண்ணீர் 12.57 டன். கீழ்நோக்கிய பாரம் மொத்தம் 48 டன். இவற்றின் திருப்புத்திறன்களோடு 8 டன் கிடை விசையின் திருப்புத்திறனையும் சேர்த்தால், எல்லாம் கூடிய தொகுபயன் கோடு அடித்தளத்தின் நடுவிலிருந்து கீழ்நீர்ப் பக்கமாக 0.83 மீட்டர் தள்ளி இறங்குகிறது. நடுவிலிருந்து இரு பக்கமும் 1.17 மீட்டருக்குள் இறங்கினால் அது மூன்றாய்ப் பிரித்த அடித்தளத்தின் நடுப்பங்குக்குள் இருக்கிறது என்று பொருள். அடித்தளம் முழுவதும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். பொறியாளர் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடத் தோன்றும் இடம் இது.

ஆனால் அடியில் இருப்பது மணல். தண்ணீர் மணலுக்குள் புகுந்து அடித்தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். இதைக் களத்தில் அப்லிஃப்ட் என்பார்கள். தண்ணீர்ப் பக்கக் குதியில் சதுர மீட்டருக்கு 4 டன், மறுபக்க முனையில் சுழி என்று நேராகக் குறைவதாக வைத்தால் மொத்த மேலுந்தல் 14 டன். முகத்தின் மேல் தண்ணீர் வைத்த பாரமோ 12.57 டன். வளைந்த பாதத்தால் கிடைத்த லாபம் முழுவதும் அடியில் புகுந்த தண்ணீரோடு போய்விட்டது. கணக்கை மறுபடி போட்டால் தொகுபயன் கோடு நடுவிலிருந்து 1.66 மீட்டருக்கு நகர்ந்துவிடுகிறது. நடுப்பங்கைத் தாண்டியாயிற்று. குதிப் பக்கம் தரையை அழுத்துவதை விட்டுத் தூக்கப் பார்க்கும். அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் இன்னும் உள்ளே போகும், மேலுந்தல் இன்னும் கூடும்.

முகத்தின் செங்குத்து விசையைச் சேர்த்துவிட்டு அடித்தளத்தின் மேலுந்தலை விட்டுவிடுவது இந்த வகைக் கணக்குகளில் வரும் மிக ஆபத்தான பிழை. இரண்டும் ஒரே தண்ணீரிலிருந்து வருபவை. ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும். களத்தில் இதற்கு அடையாளமும் உண்டு. அணையின் கீழ்நீர்ப் பக்க முனையில் ஊற்று கிளம்பி, அதில் மணல் கொப்பளித்து வந்தால் அடியில் தண்ணீர் வழி பிடித்துவிட்டது என்று அர்த்தம். தெளிந்த கசிவைவிட மணலோடு வரும் கசிவு பன்மடங்கு மோசமானது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கியபோது அவருக்கு அந்தப் பாடம் கைகொடுத்தது.

பழைய கட்டுமானங்களின் முகம் கால்வட்டமாகவோ வேறு எந்தப் பாடப்புத்தக வடிவமாகவோ இருக்காது. அங்கே சூத்திரத்தைத் தேடாமல் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். கிடை விசைக்கு ஆழம் மட்டும் போதும். சுமைக்கு, அணையின் உச்சியிலிருந்து தண்ணீருக்குள் மீட்டருக்கு ஒரு முறை கோலை இறக்கி முகம் தட்டும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். நமது கால்வட்டத்திலேயே இதைச் செய்தால் உச்சியில் சுழி, பிறகு வரிசையாக 2.65, 3.46, 3.87, 4 மீட்டர் என்று வரும். அடுத்தடுத்த இரண்டு ஆழங்களின் சராசரியை எடுத்துக் கூட்டினால் 11.98 டன், உண்மையான 12.57-ஐவிடக் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. குறை எங்கே என்றால் முகம் செங்குத்தாக இறங்கும் உச்சிப் பகுதியில். அந்த முதல் மீட்டரில் மட்டும் அரை மீட்டரில் கூடுதலாக ஓர் ஆழம், அதாவது 1.94 மீட்டர், எடுத்தாலே 12.29 டன்னுக்கு வந்துவிடும். பிழை பாதிக்கும் கீழே இறங்கும். முகம் எங்கே சடாரென்று இறங்குகிறதோ அங்கே நெருக்கமாகவும், படுத்திருக்கும் இடத்தில் தாராளமாகவும் அளந்தால் போதும். அடியில் மணல் மேடிட்டிருந்தால் கோல் தட்டுவது முகத்தையா மணலையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் மூடிய உயரத்துக்குத் தண்ணீரின் தள்ளுதலோடு மணலின் தள்ளுதலையும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த விதிகள் எல்லாம் நிற்கும் தண்ணீருக்கு. தண்ணீர் அணையின் மேலேறி வழியும்போது உச்சியின் வளைவில் சுமை விதி உடைந்துவிடும். புடைத்த உச்சியின் மேல் வேகமாகப் போகும் தண்ணீர் நேராகப் போகவே பார்க்கும். வளைவை விட்டு விலகத் துடிக்கும். அதனால் முகத்தின் மேல் அழுத்தம், மேலே நிற்கும் தண்ணீரின் எடையைவிடக் குறையும். வழிந்து விழும் நீர்த்தாரையின் அடிப்பக்க வடிவத்திலேயே அணை உச்சியைக் கட்டினால், திட்டமிட்ட வெள்ளத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய காற்றழுத்தத்தோடு நின்றுவிடும். வெள்ளம் அதையும் தாண்டினால் அழுத்தம் அதற்கும் கீழே போய் முகத்தை உறிஞ்சத் தொடங்கும். கீழே தண்ணீரைத் திருப்பிவிடும் குழிந்த பகுதியில் நேர்மாறு: அங்கே வளைவு தண்ணீரைத் திருப்புவதால் அழுத்தம் எடையைவிடக் கூடும். வழியும் பகுதிக்கு நிலைநீர்க் கணக்கைப் போட்டால் புடைப்பில் இல்லாத பாரத்தை எழுதுவோம், குழிவில் இருக்கும் பாரத்தை விட்டுவிடுவோம்.

எந்த நீர்மட்டத்துக்குக் கணக்குப் போடுவது என்ற கேள்வி கடைசியாக வரும். பெருவெள்ளம் என்று உடனே சொல்லத் தோன்றும். கல்லணை போன்ற தாழ்ந்த அணையில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும். கீழ்நீர்ப் பக்க முகத்துக்கும் இதே முறையில் நிழலும் சுமையும் கண்டுபிடித்து, அங்கே தண்ணீர் எதிர்ப்பக்கமாகத் தள்ளுவதால் கிடை விசையைக் கழிக்க வேண்டும். மேலே 4 மீட்டர், கீழே 3 மீட்டர் என்றால் கிடை விசை 8-லிருந்து 4.5-ஐக் கழித்து 3.5 டன்தான். காவிரிப் பக்கம் முறைப்பாசனத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்க, கொள்ளிடப் பக்கம் மணல் காய்ந்து கிடக்கும் நாளில் முழு 8 டன்னும் தாங்க வேண்டியிருக்கும். அடியில் மணலுக்குள் தண்ணீர் ஓடும் வேகமும் அன்றுதான் அதிகம். எனவே கணக்குத் தாளில் முதல் வரியாக இரண்டு பக்கத்து நீர்மட்டங்களையும் சோடி சோடியாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சோடிக்கும் கிடை, செங்குத்து, மேலுந்தல் மூன்றையும் போட்டு, தொகுபயன் கோடு நடுவிலிருந்து எந்தச் சோடியில் அதிகம் விலகுகிறதோ அந்தச் சோடிக்கே அணையின் அகலத்தைச் சரிபார்க்க வேண்டும்.